காற்புள்ளிக் கட்சியும் முற்றுப்புள்ளிக் கட்சியும்

படம் வரையத் தெரியாத இரண்டு பேர், படம் வரைவது எப்படி என்று மூன்று மாதம் சண்டை போட்டோம். அதில் ஒருத்தி நான்.

சண்டை நடந்த இடம் புதுச்சேரியில், உப்பளம் என்ற பேட்டையில் ஓர் அச்சுக்கடை. முதலாளி அதை ‘கிரியேட்டிவ் ஸ்டுடியோ’ என்பார். போர்டிலும் அப்படித்தான் இருக்கும். அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், ‘ஜெராக்ஸ், லேமினேஷன்’ என்று இருக்கும். உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏசி, இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு சுழல் நாற்காலி. அதற்குப் பெயர் படப் பிரிவு. தடுப்புக்கு இந்தப் பக்கம் கவுண்டர். அங்கே நாற்காலியே கிடையாது.

நான் சேர்ந்தது மூன்று மாதச் சோதனைக்கு. சோதனை முடிந்ததும் படப் பிரிவில் நிரந்தரமா, இல்லை கவுண்டரா என்று முதலாளி சொல்வார். கவுண்டர் என்றால் “ஆதார் முன்னாடியும் பின்னாடியும் ஒரே தாள்ல வருமா?” என்று கேட்பவர்களுக்கு “வரும்” என்று நாள் முழுக்கச் சொல்வது. நான்கு வருடம் இன்ஜினீயரிங் படித்துவிட்டு “வரும்” என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனசில்லை. மூலக்குளத்தில் எங்கள் தெருவில் ஏற்கெனவே எல்லோரிடமும் ‘ஏஐ வேலை’ என்று சொல்லியாகிவிட்டது.

படப் பிரிவில் எனக்கு முன்பிருந்தே உட்கார்ந்திருந்தவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். முப்பத்தைந்து வயது இருக்கும். முதலாளியிடம் என்ன சொல்லி வாங்க வைத்தாரோ, அவருடைய கம்ப்யூட்டர் பச்சையும் நீலமுமாக மின்னும். ஃபேன் சுற்றுகிற சத்தம் கிரைண்டர் மாதிரி இருக்கும். அதற்குள் நெட் இல்லாமலே ஓடுகிற ஒரு படக் கருவியை அவரே ஏற்றி வைத்திருந்தார். ஜப்பான் கார்ட்டூன் வகைப் படம் அதற்குக் கைவந்த கலை. அதற்கு அவர் எழுதுவதை ப்ராம்ப்ட் என்று சொல்லலாம், மளிகை லிஸ்ட் என்றும் சொல்லலாம். ‘ஒன் கேர்ள், சோலோ, லாங் பிரெய்டு, ஜாஸ்மின், ஸாரி, ஸ்மைல், லுக்கிங் அட் வியூவர்’ என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக, நடுவில் காற்புள்ளி மட்டும் போட்டு அடுக்குவார். இந்தத் துண்டுச் சொற்களுக்குத்தான் டேக் என்று பெயர். எது முக்கியமோ அதை அடைப்புக்குறிக்குள் போட்டு 1.3 என்று பக்கத்தில் எடை போடுவார். எது வரக்கூடாதோ அதற்குத் தனியாக இன்னொரு பெட்டி. அதில் ‘ஆறு விரல், கெட்ட கை, மங்கல்’ என்று சாபங்கள் இருக்கும்.

எந்த வேலையாக இருந்தாலும், முதலில் ஒரு நோட்பேட் ஃபைலைத் திறந்து அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஒட்டிவிட்டுத்தான் தொடங்குவார். ஃபைலின் பெயர் ‘மந்திரம்’. ‘மாஸ்டர்பீஸ், பெஸ்ட் குவாலிட்டி, எய்ட் கே’ என்று போகும். கருமாதிப் பத்திரிகைக்கும் அதே மந்திரம், காதுகுத்துக்கும் அதே.

என்னுடையது நெட்டில் இருக்கிற கருவி. ஓர் ஆளிடம் பேசுவது மாதிரி அதனிடம் பேசலாம். ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக, யார் எங்கே நிற்கிறார்கள், யார் கையில் என்ன, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எழுதினால் புரிந்துகொள்ளும். சாபப் பெட்டி அதற்குக் கிடையாது. எது வரக்கூடாது என்பதைவிட எது வரவேண்டும் என்று சொல்வதுதான் அதற்குப் பிடிக்கும். ‘வண்டிகள் இல்லாத தெரு’ என்பதைவிட ‘விடியற்காலை, வெறிச்சோடிய தெரு’ என்றால் காரியம் நடக்கும்.

“பேசிக்கினே இருந்தா படம் எப்ப வரும்?” என்பார் அண்ணன். “மெஷின் கிட்ட போயி கதை சொல்ற.”

“நீங்க கடைக்காரன்கிட்ட சாமான் சொல்றீங்கண்ணா. அரை கிலோ சிரிப்பு, கால் கிலோ மல்லி.”

“சாமான் சரியா வருதில்ல?”

வரும். அதுதான் என் வயிற்றெரிச்சல். எட்டே விநாடியில் கண்ணைப் பறிக்கிற ஒரு முகம் வந்து நிற்கும். காரணம் எனக்குத் தெரியும். அந்தக் கருவிக்குக் கற்றுக்கொடுத்த லட்சக்கணக்கான கார்ட்டூன் படங்களுக்குக் கீழே ரசிகர்கள் டேக்குகளைத்தான் ஒட்டி வைத்திருந்தார்கள். அது படித்த மொழியே டேக்தான். ‘மாஸ்டர்பீஸ்’ என்பதும் அப்படி ஒட்டப்பட்ட ஒரு தரச்சீட்டு என்பதால் அங்கே அந்த மந்திரம்கூடப் பலிக்கும். என் கருவி படித்ததோ நீளநீளமான விவரிப்புகளை. தெரிந்தும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டால் அவர் நாற்காலி பெரியதாகிவிடும், என்னுடையது கவுண்டர் பக்கம் உருளும்.

முதலாளிக்கு எங்கள் தத்துவப் போர் எதுவும் புரியாது. ஒரு நாள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

“ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு ஆளு? அடுத்து வர்ற பெரிய ஆர்டர்ல யாரு படம் ஓகே ஆவுதோ, அவுங்க உள்ள. இன்னொருத்தர் கவுண்டர்.”

“நான் எட்டு வருஷமா இருக்கேனே சார்” என்றார் அண்ணன்.

“அதான் உனக்கு சான்ஸு குடுக்கிறேன். புதுசா வந்தவங்களுக்கு நான் குடுக்க மாட்டேன்” என்றார். அந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. எட்டு வருட அனுபவத்தைக் கவுண்டருக்கு அனுப்ப எந்த முதலாளியும் மாட்டார் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. தோற்றால் போகப்போவது நான்தான்.

அடுத்த பெரிய ஆர்டர் திங்கட்கிழமை வந்தது. கல்யாணப் பத்திரிகை. பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தே வந்தார்கள். பெண் கோரிமேட்டில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், வான நீலச் சீருடையில். மாப்பிள்ளை ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கவுண்டரில் சமர்த்தாக நின்றார். அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசையில் கல்யாண அறிவிப்பு, அதாவது முதல் ஓலை, வாசிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை ராத்திரி விமானத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா பிரான்சுக்குத் திரும்புகிறார். அங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்கான நூறு பத்திரிகையும் அவர் பெட்டியில்தான் போக வேண்டும். கூரியரில் அனுப்பிய பத்திரிகையை அந்தச் சொந்தங்கள் பத்திரிகையாகவே மதிக்க மாட்டார்களாம். கையில் கொடுக்க வேண்டும்.

“முன் பக்கத்துல எங்க ரெண்டு பேர் கார்ட்டூன் வேணும்” என்றாள் பெண். “நான் ஸ்கூட்டர் ஓட்டுறேன். இவரு பின்னாடி உக்காந்திருக்காரு. ஒரு கையால என் தோளப் புடிச்சிருக்காரு, இன்னொரு கையில என் சாப்பாட்டு டப்பா. மழ வர்ற மாதிரி வானம். அவ்ளோதான்.”

எங்கள் கடை வரலாற்றில் வாடிக்கையாளர் ஒருவர் முழு வாக்கியத்தில் பேசி நான் கேட்டது அன்றுதான். மற்றவர்கள் எல்லாம் “அம்மன், கோல்டு, லைட்டிங், கிராண்டா” என்பார்கள். அவர்களும் அண்ணன் கட்சிதான்.

“யாரு ஓட்டுனா இன்னா சிஸ்டர்?” என்றார் அண்ணன். “ஸ்கூட்டர் இருந்தா போதாதா?”

பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன்னால் பார்ப்பார்களே, அது.

“ரெண்டு வருஷமா தெனமும் நான்தான் இவர ஏத்திட்டுப் போயி ஸ்கூல்ல எறக்குறேன். இவருக்கு சைக்கிளே வராது. இவுங்க வூட்ல எல்லாரும் ‘கல்யாணத்துக்கு அப்பறமாச்சும் அவன் ஓட்டட்டும்’னு பேசிக்கினு இருக்காங்க. பத்திரிகையிலயே தெரிஞ்சிடணும். இவரு முன்னாடி உக்காந்தா இந்தப் பத்திரிகை எனக்கு வேணாம்.”

“எனக்கும் வேணாம்” என்றார் மாப்பிள்ளை. “முன்னாடி காத்து அதிகம்.”

செவ்வாய்க்கிழமை அண்ணன் தொடங்கினார். மந்திரத்தை ஒட்டினார். ‘ஒன் கேர்ள், ஒன் பாய், ஸ்கூட்டர், நர்ஸ், புளூ யூனிஃபார்ம், லஞ்ச் பாக்ஸ், ஹெல்மெட், கிளவுடி ஸ்கை.’ எட்டு விநாடியில் படம் வந்தது. அற்புதமான படம். பெண்ணின் பின்னலில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. மேகத்தில் ஈரம் தெரிந்தது. மாப்பிள்ளைதான் வண்டி ஓட்டினார்.

இன்னொன்று போட்டார். மாப்பிள்ளைதான் ஓட்டினார், சட்டை மட்டும் வான நீலம். மூன்றாவதில் ஸ்கூட்டரும் வான நீலம். நான்காவதில் இரண்டு பெண்கள். ஐந்தாவதில் சாப்பாட்டு டப்பாவுக்கு ஹெல்மெட் மாட்டியிருந்தது. ‘கேர்ள் டிரைவிங்’ என்பதற்கு 1.3, பிறகு 1.5, பிறகு 1.8 என்று எடை ஏற்றினார். பெண்ணின் முகம் கருகிய தோசை மாதிரி ஆனதே தவிர, இடம் மாறவில்லை. ஒரு பெண், ஒரு ஆண், ஒரு ஸ்கூட்டர் என்று பையில் போட்டுக் குலுக்கினால், அந்தக் கருவி பார்த்து வளர்ந்த படங்களில் எப்படி இருந்ததோ அப்படித்தான் கொட்டும். யார் யாருக்கு முன்னால் என்று காற்புள்ளிக்குச் சொல்லத் தெரியாது.

நான் பக்கத்து நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு என் காவியத்தை எழுதிக்கொண்டிருந்தேன். முந்நூறு சொல் இருக்கும். ஒரு நாள் உழைப்பின் களைப்பு அவள் இமைகளில் இறங்கியிருப்பதையும், அவர் விரல்களில் நன்றி தயங்கித் தயங்கிப் பூப்பதையும், மழைக்கு முந்தைய காற்றில் இந்த நகரம் தன் மூச்சை அடக்கிக்கொள்வதையும் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

படத்தில் பூக்கள் வந்தன. விரலிலிருந்து.

“நன்றியா இது?” என்று எட்டிப் பார்த்துக் கேட்டார் அண்ணன். “அழகாத்தான் பூத்திருக்கு.”

நகரம் மூச்சை அடக்கியதை அது எப்படியோ பனிமூட்டமாக எடுத்துக்கொண்டிருந்தது. புதுச்சேரி ஊட்டியாகிவிட்டது. முழு வாக்கியம் என்றால் இலக்கியம் என்று அர்த்தமில்லை, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் வாக்கியம் என்று அர்த்தம். அது எனக்குப் புரிய செவ்வாய் மதியம் வரை ஆனது. கடைசியில் பெண் கவுண்டரில் சொன்ன நாலு வரியை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் வரியிலேயே ‘பெண் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டுகிறாள், ஆண் அவளுக்குப் பின்னால்’ என்றேன். வந்துவிட்டது. பெண் முன்னால், தோளில் கை, டப்பா, மேகம், எல்லாம் அதனதன் இடத்தில்.

புதன்கிழமை மாலை பெண் வந்து இரண்டையும் பார்த்தாள். முதலில் அண்ணனுடையது.

“மூஞ்சி சூப்பரு. அந்தக் கண்ணு, முடி… நான் கேட்டது இந்த மாதிரி கார்ட்டூன்தான்.” குரல் மாறியது. “ஆனா நான் பின்னாடி இருக்கேன்.”

அடுத்து என்னுடையது.

“ஆங், வண்டி நான்தான் ஓட்டுறேன்.” முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஆனா யாரு இது? டூத்பேஸ்ட் விளம்பரத்துல வர்ற பொண்ணு மாதிரி பளபளன்னு. இவருக்குப் பல்லே முப்பத்தி ரெண்டுக்கு மேல இருக்கும் போல.”

நான் கார்ட்டூன் என்று கேட்டுத்தான் இருந்தேன். கார்ட்டூன்தான் வந்தது. ஆனால் அது செல்போனில் காலை வணக்கம் சொல்கிற கார்ட்டூன். அண்ணனின் கருவி வரைகிற கோடு அதற்கு வரவில்லை.

“ரெண்டும் வேணாம். நாளைக்கு வரேன்” என்று போய்விட்டாள்.

முதலாளி தலையை உள்ளே நீட்டினார். முழுவதையும் கேட்டிருக்கிறார். “இதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு? முன்னாடி இருக்கறவனோட மீசைய எடுத்து பின்னாடி இருக்கறவளுக்கு வையி. முன்னாடி இருக்கறவனுக்குப் பின்னல் போடு. முடிஞ்சிது.”

அண்ணன் அதையும் செய்து பார்த்தார் என்பதை அவர் பெருமைக்காக இங்கே பதிவு செய்கிறேன். அகன்ற தோளும் பின்னலுமாக முன்னால் ஒருவர், வளையலும் மீசையுமாகப் பின்னால் ஒருவர். முதலாளி மட்டும்தான் “நல்லாத்தான இருக்கு” என்றார்.

வியாழக்கிழமை காலை எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. அண்ணன் டீ குடிக்கப் போனார். அவர் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. நான் செய்தது தப்புதான். அவர் கருவியில் என் நாலு வரியை ஒட்டினேன். கூடவே ‘ஆண் வண்டி ஓட்டவில்லை’ என்று ஒரு வரி சேர்த்தேன். முழு வாக்கியம் எங்கே போனாலும் வெல்லும் என்று நிரூபிப்பது என் திட்டம். வந்த படத்தில் ஆண் வண்டி ஓட்டினான், மிகவும் உற்சாகமாக. அது ‘இல்லை’யைக் கண்டுகொள்ளவே இல்லை, ஆண், வண்டி, ஓட்டு என்பதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. பிடிவாதமாக என் முந்நூறு சொல் காவியத்தையும் போட்டேன். அந்தக் கருவி ஒரு மூச்சுக்கு எழுபத்தைந்து துண்டுகள்தான் வாங்கும், மிச்சத்தை அடுத்தடுத்த மூச்சில் தனித்தனியாக வாங்கும். முதல் மூச்சில் வந்த பெண்ணுக்கும் மூன்றாவது மூச்சில் வந்த டப்பாவுக்கும் சொந்தம் தெரியாது. டப்பாவிலிருந்து ஸ்கூட்டர் முளைத்திருந்தது. அவசரமாக மூடிவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

வந்து என் படங்கள் விழுகிற ஃபோல்டரைத் திறந்தால், நான் போடாத மூன்று படங்கள்.

காலையில் நான் வருவதற்கு முன்னால் அண்ணன் போட்டிருக்கிறார். ஒன்றில் பளபள ஸ்கூட்டர். அதன் முன்பக்கத் தகட்டில் பொன் எழுத்தில், எழுத்துப் பிழையே இல்லாமல், ஆங்கிலத்தில் ‘மாஸ்டர்பீஸ்’ என்று எழுதியிருந்தது. நம்பர் பிளேட்டில் ‘8K’. அடைப்புக்குறியும் 1.3-ம் மேகத்தில் மங்கலாக மிதந்தன. சாபப் பெட்டியைத் தேடிக் கிடைக்காமல் ‘ஆறு விரல், கெட்ட கை’ என்பதையும் அதே வரியில் சேர்த்திருக்கிறார் போல. மாப்பிள்ளைக்குக் கேட்ட மாதிரியே ஆறு விரல்.

அண்ணன் டீயோடு உள்ளே வந்தார். என் திரையைப் பார்த்தார். அவர் திரைக்குப் போய் ஃபோல்டரைத் திறந்தார். டப்பாவில் முளைத்த ஸ்கூட்டரைப் பார்த்தார்.

“இது இன்னா?”

“காவியம்ண்ணா.”

“ம்.” டீயை ஒரு மடக்குக் குடித்தார். “ஒன்னுது எழுத்தெல்லாம் நல்லா போடுது. நம்பர் பிளேட்டு தெளிவா இருக்கு.”

“நீங்க கேட்ட ஆறு விரலும் தெளிவா இருக்கு.”

அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பயம் வந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் நூறு கார்டு அச்சாகி, மடித்து, கவரில் போட்டிருக்க வேண்டும். இப்படியே போனால் ஆர்டரே போய்விடும். முதலாளி எங்கள் இரண்டு பேரையுமே தடுப்புக்கு வெளியே தள்ளிவிட்டு, உள்ளே இன்னொரு ஜெராக்ஸ் மிஷின் போடுகிற ஆள்.

“உன் டூத்பேஸ்ட் பொண்ண இங்க அனுப்பு” என்றார் அண்ணன்.

அவர் கருவியில் வெற்றுத் தாளிலிருந்து தொடங்காமல், ஒரு படத்தைக் கொடுத்து அதன் மேலேயே வரையச் சொல்லலாம். எவ்வளவு அழித்து வரைவது என்பதற்கு ஒரு நகர்த்தி இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. என் படத்தை அடியில் வைத்தார். மேலே அவர் டேக்குகள். யார் முன்னால், யார் பின்னால் என்பதை இப்போது சொல்லவே தேவையில்லை. அது படத்திலேயே உட்கார்ந்திருந்தது. டேக்குகள் கோட்டையும் கண்ணையும் முடியையும் பார்த்துக்கொண்டால் போதும்.

0.3-இல் வைத்தார். பல் பளபளப்பு அப்படியே இருந்தது. 0.8-க்கு ஏற்றினார். படம் பிரமாதம். மாப்பிள்ளை மறுபடி முன்னால் வந்துவிட்டார்.

“எங்கிருந்துதான்ண்ணா வர்றாரு இந்த ஆளு?”

“விடு, எறக்கிடலாம்.”

0.5-இல் நின்றது. பெண் முன்னால். மேகத்தில் அந்த ஈரம். பின்னல், மல்லி, தோளில் கை, டப்பா. பக்கத்தில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் டேக் எதுவும் சேர்க்கவில்லை. நானும் வாக்கியம் எதுவும் சேர்க்கவில்லை.

அன்று சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். முதலாளியும் வந்து பின்னால் நின்றார். பெண் திரைக்குக் கிட்டே குனிந்தாள். முகம் மலர்ந்தது. பிறகு புருவம் சுருங்கியது.

“நான் ஏன் உங்கள பாக்குறேன்?”

“யாரு சிஸ்டர்?”

“படத்துல. வண்டி ஓட்டிக்கினே இந்தப் பக்கம் திரும்பி போட்டோவுக்குச் சிரிக்கிறேன். ரோட்ட யாரு பாக்குறது? இப்படி ஓட்டிட்டு வர்றவங்களத்தான் தெனம் எங்க வார்டுக்குத் தூக்கினு வர்றாங்க.”

“இவ நெஜமா ரோட்டத்தான் பாப்பா” என்றார் மாப்பிள்ளை. “வண்டியில ஏறிட்டா என்னயே பாக்க மாட்டா.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் டேக் வரிசையைப் பார்த்தார். மந்திரத்தின் வாலில், இத்தனை நாளாக எல்லாப் படத்திலும் ஒட்டிக்கொண்டு வந்தது, ‘லுக்கிங் அட் வியூவர்’. பார்ப்பவரைப் பார்க்கிறாள். கருமாதிப் பத்திரிகை வரைக்கும் எல்லோரும் ஏன் நம்மையே வெறித்துப் பார்த்தார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. என் அடிப்படத்தில் ரோட்டைப் பார்த்த பெண்ணை இந்த ஒரு டேக் பிடித்துத் திருப்பிவிட்டிருந்தது.

அண்ணன் அதை அழித்தார். அந்த இடத்தில் ‘ப்ரொஃபைல், லுக்கிங் அஹெட்’ என்று, அதாவது பக்கவாட்டு முகம், நேரே பார்வை என்று போட்டார். மற்றதில் கை வைக்கவில்லை. எட்டு விநாடி. பெண் ரோட்டைப் பார்த்தாள். அந்த மல்லிச் சரம் காதுக்குப் பின்னால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

“ம்” என்றாள். “இது நான்.”

மாப்பிள்ளை, “என் கையில டப்பா பத்தரமா இருக்கு” என்றார். இரண்டு பேரும் ஓகே சொல்லிவிட்டார்கள். சித்தப்பாவின் பெட்டியில் மறுநாள் ராத்திரி நூறு ஸ்கூட்டர்கள் ஏறின. அவர் அதைப் பார்த்துவிட்டு “மொந்தியே!” என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தாராம். ஆனால் எடுத்துக்கொண்டு போனார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் அன்று கிளம்புவதற்கு முன்னாலேயே முதலாளி விஷயத்துக்கு வந்துவிட்டார். “சரி, இது யாரு படம்?”

“நான்தான் சார்” என்றார் அண்ணன். “நான்தான் சார்” என்றேன் நானும். சிரித்துச் சமாதானமானவர்கள்தான். ஆனால் நாற்காலி நாற்காலிதானே.

முதலாளி பெண்ணைப் பார்த்துத் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சிஸ்டர்.”

“மூஞ்சி இந்த அண்ணன் போட்டாரு. வண்டிய இந்தப் பொண்ணு போட்டா” என்றாள். “மூஞ்சி இல்லாம வண்டி ஓடும். வண்டி இல்லாம மூஞ்சிய வச்சிக்கினு இன்னா பண்றது?”

எனக்கு உள்ளே ஏசி இன்னும் குளிர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முதலாளி என்னைப் பார்த்தார்.

“அப்ப நீதான் கரெக்டா எழுதுன.”

“ஆமா சார்.”

“அவுங்க சொன்னத வச்சி.”

“ஆமா சார். அவங்க சொன்ன நாலு வரி அப்படியே.”

“எங்க நின்னு சொன்னாங்க?”

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. “கவுண்டர்ல.”

“அப்ப நீ அங்கதான இருக்கணும்” என்றார் முதலாளி. தன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தர்க்கம் சரியாக வந்துவிட்ட ஒருவரின் நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. “கேட்டு எழுதுற ஆளு கவுண்டர்ல. படம் முடிக்கிற ஆளு உள்ள. சோதனை முடிஞ்சிது, நீ பர்மனென்ட்டு.”

மறுநாள் மதியம் என் கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மிஷினுக்கும் லேமினேஷன் மிஷினுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. லேமினேஷன் சூடு ஒரு பக்கம், தெருவின் சூடு மறுபக்கம். அண்ணன் கண்ணாடித் தடுப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தார், ஏசி எனக்கும் வரட்டும் என்று. முதலாளி வந்து மூடினார்.

வேலை அங்கே சுலபமில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு காதுகுத்துப் பேனருக்கு வந்த தாய்மாமனிடம் இருபது நிமிடம் கேட்ட பிறகுதான், பிள்ளை யார் மடியில் உட்காரப் போகிறது என்ற ஒரு வரி கிடைத்தது. அதற்குள் நான்கு பேருக்கு ஆதார் எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். “இன்னாடி ஆச்சி? நிரந்தரமா?”

“நிரந்தரம்தான்மா. படப் பிரிவு.”

“அப்பாடா. ஏசி ரூம்ல உக்காந்து வேல செய்வேன்னு பக்கத்து வூட்லயும் சொல்லிட்டேன்.”

“உக்கார்றதில்லம்மா” என்றேன். “நிக்கிறது.”